மணி ஒரு வழி, குரல் ஒரு வழி

அலுவலக மேசையில் இருக்கும் இணையத் தொலைபேசி அடிக்கிறது. எடுத்தால் எதிர்முனைக் குரல் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் இங்கே பேசுவது அங்கே போய்ச் சேரவில்லை. "ஹலோ... ஹலோ... கேக்குதா?" என்று சிறிது நேரம் கேட்டுப் பார்த்துவிட்டு அவர் வைத்துவிடுகிறார். மறுபடி அழைத்தாலும் இதே கதை. அதே இணைய இணைப்பில் காணொளி ஓடுகிறது, மின்னஞ்சல் வருகிறது. எண்ணைச் சுழற்றியதும் மணி அடித்திருக்கிறது, எடுத்ததும் அழைப்பு இணைந்திருக்கிறது. இவ்வளவும் சரியாக நடந்த பிறகு குரல் மட்டும் எங்கே தொலைந்தது?

மணி வந்த வழியில் குரல் வருவதே இல்லை என்பதுதான் இதற்குப் பதில். இணையத்தில் ஓர் அழைப்பு என்பது இரண்டு தனித்தனி வேலைகள். யாரை அழைப்பது, அவர் எங்கே இருக்கிறார், எந்த வகையில் பேசுவது என்று இரு கருவிகளும் செய்திகள் அனுப்பி ஒப்பந்தம் செய்துகொள்வது முதல் வேலை. இதைச் சமிக்ஞை என்பார்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகு குரலைச் சிறுசிறு துண்டுகளாக அனுப்புவது இரண்டாவது வேலை. முதல் வேலைக்கு இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் விதிமுறை எஸ்ஐபி. இரண்டாவதற்கு ஆர்டிபி. இரண்டும் வெவ்வேறு கதவுகளில் நுழைகின்றன. பல நேரங்களில் வெவ்வேறு ஊர்கள் வழியாகவே பயணம் செய்கின்றன.

இந்தப் பிரிவினை இணையத்தோடு பிறந்ததல்ல. அதற்கு முன்பே தொலைபேசித் துறை இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டது.

அமெரிக்காவில் பெல் நிறுவனத்தின் நெடுந்தொலைவுத் தடங்களில் பேச்சும் சமிக்ஞையும் ஒரே பாதையில் போய்க்கொண்டிருந்தன. ஒரு தடம் காலியாக இருக்கிறது என்பதை 2600 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்று எதிர்முனை எக்ஸ்சேஞ்சுக்குத் தெரிவிக்கும். அந்த ஒலி எங்கிருந்து வருகிறது என்று எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியாது. பேசுகிறவரின் வாயிலிருந்து வந்தாலும் அதற்கு ஒன்றுதான். பிறவியிலேயே பார்வையற்ற ஜோ எங்ரெசியா, சிறுவனாக இருந்தபோதே, சீட்டியடித்தால் அழைப்பு துண்டிக்கப்படுவதைக் கண்டுபிடித்தார். 'கேப்டன் கிரஞ்ச்' என்ற காலை உணவுப் பெட்டியோடு இலவசமாக வந்த விளையாட்டு ஊதல் சரியாக இதே ஒலியை எழுப்பியது. அதைப் பயன்படுத்திய ஜான் டிரேப்பருக்கு அந்தப் பெயரே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. ஊதினால் எக்ஸ்சேஞ்ச் தடம் காலி என்று நினைத்துக்கொள்ளும். அதன் பிறகு வேறு ஒலிகளைச் செலுத்திக் காசில்லாமல் எங்கு வேண்டுமானாலும் பேசலாம். 1971 அக்டோபரில் 'எஸ்குவயர்' இதழில் இது விரிவான கட்டுரையாக வந்தது. அதைப் படித்துவிட்டு இந்த ஒலிகளை எழுப்பும் 'நீலப் பெட்டி'களைச் செய்து விற்ற இரண்டு இளைஞர்களின் பெயர் ஸ்டீவ் வாஸ்னியாக், ஸ்டீவ் ஜாப்ஸ்.

பேசுகிறவர் தொட முடிகிற பாதையில் கட்டளைகளை அனுப்பியதுதான் கோளாறின் வேர். 1976-இல் ஏடி அண்டு டி, எக்ஸ்சேஞ்சுகளுக்கு இடையே சமிக்ஞைக்கென்று தனி இணைப்புகளை அமைக்கத் தொடங்கியது. அடுத்து வந்த எஸ்எஸ்7 என்ற முறை அந்தத் தனிப் பாதையை உலகம் முழுவதும் கொண்டுசென்றது. மோசடியைத் தடுத்ததோடு இன்னொரு பெரிய லாபமும் கிடைத்தது. எதிர்முனையில் ஆள் எடுப்பார் என்று உறுதியாகத் தெரியும் முன்பே நாடு முழுவதும் ஒரு குரல் தடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டிய நேரம் குறைந்தது.

இணையத்துக்கான எஸ்ஐபி 1996 வாக்கில் உருவாகத் தொடங்கியது. மார்க் ஹேண்ட்லி, ஈவ் ஸ்கூலர் இருவரும் ஒரு பக்கம், கொலம்பியா பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய ஹென்னிங் ஷூல்ஸ்ரின்னே இன்னொரு பக்கம் எழுதிய வரைவுகள் ஒன்றாக இணைந்தன. ஆய்வாளர்கள் இணையவழிக் கூட்டங்களுக்கு ஒருவரையொருவர் அழைக்க ஒரு வழி வேண்டும் என்பதே ஆரம்ப நோக்கம். 1999 மார்ச்சில் முதல் விதிமுறை வந்தது. இன்று வரை அடித்தளமாக இருக்கும் ஆர்எஃப்சி 3261 என்ற ஆவணம் 2002 ஜூனில் வெளியானது. அதற்குச் சற்று முன்பே, 2000-இன் இறுதியில், செல்பேசித் துறையின் தர அமைப்பான 3ஜிபிபி தன் எதிர்கால வலைப்பின்னலுக்கு எஸ்ஐபியைத் தேர்ந்துவிட்டது. நம் ஊரில் அதன் விளைவை 2016 செப்டம்பரில் கண்கூடாகப் பார்த்தோம். ஜியோ தொடங்கியபோது அதனிடம் 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. மற்ற நிறுவனங்களின் 4ஜி பேசிகள் அழைப்பு வந்ததும் பழைய வலைப்பின்னலுக்கு இறங்கிப் பேசிவிட்டு மறுபடி ஏறின. ஜியோவுக்கு இறங்க இடமில்லை. அதனால் ஒவ்வோர் அழைப்பும் வோல்ட்டி என்ற பெயரில் எஸ்ஐபி அழைப்பாகவே தொடங்க வேண்டியிருந்தது. எஸ்ஐபி என்ற பெயரையே கேட்டிராத கோடிக்கணக்கான பேர் அன்றிலிருந்து தினமும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

ஓர் அழைப்பு பிறப்பதை அருகில் சென்று பார்க்கலாம். கற்பனையாக ஒரு நிறுவனம். தலைமையகம் சென்னையில், அங்கே ஒரு இணைய எக்ஸ்சேஞ்ச். கோவைக் கிளையில் மலர் என்ற ஊழியர். அவருடைய மேசைப் பேசி, கிளையின் பிராட்பேண்ட் ரவுட்டர் வழியாகச் சென்னை எக்ஸ்சேஞ்சோடு பேசுகிறது.

காலையில் பேசிக்கு மின்சாரம் வந்ததுமே அது ஒரு வேலையை முடித்துவிடும். REGISTER என்ற செய்தியை எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பி, "நான் 201-ஆம் எண். என்னைத் தேடினால் இந்த முகவரியில் கிடைப்பேன்" என்று பதிவு செய்துகொள்ளும். எக்ஸ்சேஞ்ச் உடனே நம்பிவிடாது. 401 என்ற பதிலோடு ஒரு புதிர் எண்ணைத் திருப்பி அனுப்பும். பேசி தன் கடவுச்சொல்லை அந்தப் புதிரோடு சேர்த்துக் கணக்கிட்ட விடையை அனுப்பிய பிறகே பதிவு ஏற்கப்படும். கடவுச்சொல் அப்படியே கம்பியில் போவதில்லை. இந்தப் பதிவுக்குக் காலக்கெடு உண்டு, அது முடியும் முன் பேசி புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். இங்கிருந்து அழைக்க முடிகிறது, ஆனால் வெளியிலிருந்து அழைத்தால் அடிப்பதில்லை என்ற புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பதிவைத்தான்.

மலர் சென்னையில் கணக்குப் பிரிவின் 105-ஆம் எண்ணை அழுத்துகிறார். பேசியிலிருந்து இப்படி ஒரு செய்தி கிளம்புகிறது. சில வரிகள் இங்கே விடப்பட்டுள்ளன:

```
INVITE sip:105@203.0.113.50 SIP/2.0
From: <sip:201@203.0.113.50>;tag=8821
To: <sip:105@203.0.113.50>
Call-ID: a84b4c76@192.168.1.20
CSeq: 1 INVITE
Contact: <sip:201@192.168.1.20:5060>
Content-Type: application/sdp
```

எந்த ரகசியக் குறியீடும் இல்லை, வெறும் எழுத்து. வலைத்தளங்களை இயக்கும் விதிமுறையின் நடையில் எஸ்ஐபியை எழுதினார்கள். அதனால்தான் இல்லாத எண்ணை அழைத்தால் இங்கும் 404 என்றே பதில் வருகிறது. Call-ID என்ற வரி இந்த அழைப்பின் அடையாளம், கடைசி வரை மாறாது. Contact என்ற வரியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். "இனி எனக்கு நேராகச் சொல்ல வேண்டியதை இந்த முகவரிக்கு அனுப்பு" என்பது அதன் பொருள். பின்னால் வரும் ஒரு கோளாறு இந்த வரியில்தான் ஒளிந்திருக்கிறது.

மேலே இருப்பது உறை மட்டும். உள்ளே இன்னொரு சீட்டு இருக்கிறது:

```
c=IN IP4 192.168.1.20
m=audio 40000 RTP/AVP 8 0 101
a=rtpmap:8 PCMA/8000
a=rtpmap:0 PCMU/8000
a=rtpmap:101 telephone-event/8000
```

இதற்கு எஸ்டிபி என்று பெயர். குரலைப் பற்றிய பேச்சு அனைத்தும் இந்தச் சீட்டில் மட்டும்தான். "என் குரலுக்கான முகவரி 192.168.1.20, கதவு எண் 40000. குரலைப் பொதி செய்ய எனக்குத் தெரிந்த முறைகள் 8, 0. என் விருப்பம் முதலில் 8" என்கிறது அது. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் வழக்கத்தில் இருப்பது 8, அமெரிக்காவில் 0. கடைசியில் உள்ள 101, "தமிழுக்கு 1-ஐ அழுத்தவும்" என்று கேட்கும்போது அழுத்தும் பொத்தான்களுக்கு. பொத்தான் அழுத்தம் என்பது சமிக்ஞை போலத் தோன்றினாலும், இது பெரும்பாலும் குரல் பாதையிலேயே சிறப்புப் பொட்டலமாகப் போகிறது என்பது கவனிக்கத்தக்க விதிவிலக்கு.

சமிக்ஞை 5060 என்ற கதவுக்குப் போயிருக்கிறது. குரலுக்கு 40000-ஆம் கதவு கேட்கப்பட்டிருக்கிறது. பிரிவினை இந்த இடத்தில்தான் நிகழ்கிறது.

எக்ஸ்சேஞ்ச் மறுபடி ஒரு முறை கடவுச்சொல் சோதனை நடத்திவிட்டு, 100 Trying என்று பதில் சொல்கிறது. "கிடைத்தது, மறுபடி மறுபடி அனுப்பாதே" என்று அர்த்தம். கணக்குப் பிரிவின் பேசி அடிக்கத் தொடங்கியதும் 180 Ringing வருகிறது. மலரின் காதில் கேட்கும் "ட்ரிங்... ட்ரிங்..." சென்னையிலிருந்து வருவதல்ல. 180 என்ற எண்ணைப் பார்த்ததும் அவருடைய பேசி தானே எழுப்பிக்கொள்ளும் ஒலி அது. ஆனால் செல்பேசியில் ஒருவரை அழைத்தால் காலர் டியூன் கேட்கிறதே? அந்தப் பாட்டு உண்மையிலேயே மறுமுனை வலைப்பின்னலிலிருந்து வர வேண்டும். ஆள் எடுக்கும் முன்பே குரல் பாதையைத் திறந்துவிடுவதற்கு 183 போன்ற பதிலோடு எஸ்டிபி சீட்டும் முன்கூட்டியே வந்துவிடும். 2020-இல் ஒவ்வோர் அழைப்புக்கும் முன்னால் கேட்ட கொரோனா அறிவிப்பும் இப்படி எடுப்பதற்கு முன் கேட்கும் ஒலிதான்.

சென்னையில் எடுக்கிறார்கள். 200 OK வருகிறது, அதனுள் சென்னையின் எஸ்டிபி சீட்டு: குரலுக்கான முகவரி 203.0.113.50, கதவு 16002, முறை 8. மலரின் பேசி ACK என்று ஒப்புகை அனுப்புகிறது. அழைப்பு நிறுவப்பட்டுவிட்டது. மொத்தம் பத்துச் செய்திகள்கூட ஆகியிருக்காது. இனி யாராவது பேசியை வைக்கும்போது ஒரு BYE, அதற்கு ஒரு 200. இடையில் சமிக்ஞைப் பாதையில் பெரும்பாலும் அமைதிதான்.

குரல் பாதை இதற்கு நேர்மாறானது. முறை 8-இல் குரலை நொடிக்கு 8000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஒரு பைட்டாக எழுதுவார்கள். 20 மில்லி நொடிக்கு ஒரு பொட்டலம், அதற்குள் 160 பைட் குரல், மேலே 40 பைட் முகவரித் தலைப்புகள். நொடிக்கு 50 பொட்டலம். பத்து நிமிடம் பேசினால் ஒரு திசையில் மட்டும் 30,000 பொட்டலம்.

இரண்டையும் ஏன் ஒரே பாதையில் அனுப்பக்கூடாது என்பதற்கான விடை இந்தக் குணவேறுபாட்டில் இருக்கிறது. சமிக்ஞைச் செய்தி ஒன்று தொலைந்தால் அழைப்பே பிறக்காது அல்லது ஒழுங்காக முடியாது. ஆகவே அது வந்து சேரும்வரை திரும்பத் திரும்ப அனுப்பப்படுகிறது. அரை நொடி தாமதமானாலும் யாரும் கவலைப்படுவதில்லை. குரல் பொட்டலம் ஒன்று தொலைந்தால் 20 மில்லி நொடிப் பேச்சு போகும், காது அதைக் கண்டுகொள்ளாது. ஆனால் தொலைந்ததை அரை நொடி கழித்துத் திரும்ப அனுப்பினால் அதனால் பயனில்லை, பேச்சு அந்த இடத்தைக் கடந்து போயிருக்கும். வோல்ட்டி வலைப்பின்னல் இந்த வேறுபாட்டை எண்களிலேயே எழுதி வைத்திருக்கிறது. 3ஜிபிபி தரத்தின்படி எஸ்ஐபி சமிக்ஞைக்கு 5-ஆம் வகுப்புத் தடம். அதில் பத்து லட்சத்தில் ஒரு பொட்டலத்துக்கு மேல் தொலையக்கூடாது. குரலுக்கு 1-ஆம் வகுப்புத் தடம். அதில் நூற்றில் ஒன்று தொலைந்தாலும் பரவாயில்லை, ஆனால் குறிப்பிட்ட வேகத்துக்கு உத்தரவாதம் வேண்டும். சமிக்ஞைத் தடம் பேசி வலைப்பின்னலில் இருக்கும்வரை திறந்தே இருக்கிறது. குரல் தடம் அழைப்பு வரும்போது மட்டும் உருவாகி, வைத்ததும் கலைந்துவிடுகிறது. அரிதான அலைவரிசையைச் சும்மா இருக்கும் பேசிகளுக்காகப் பிடித்து வைக்கத் தேவையில்லாமல் போகிறது.

பாதைகள் பிரிந்திருப்பதால் தூரமும் மிச்சமாகிறது. ஒரே தெருவில் இருக்கும் இரண்டு பேர் வெளிநாட்டுச் சர்வர் ஒன்றில் பதிவு செய்திருந்தால், சமிக்ஞை கடல் கடந்து போய் வரும். அந்தச் சர்வர், இரு வீட்டாரையும் சேர்த்துவைத்துவிட்டு விலகிக்கொள்ளும் தரகரைப் போல ஒதுங்கிவிட்டால், குரல் நேராகத் தெருவைக் கடந்தால் போதும். விதிமுறையை எழுதியவர்கள் விரும்பியது இதைத்தான். நடைமுறையில் பல நிறுவனங்கள் குரலையும் தங்கள் எல்லைக் கருவி வழியாகவே இழுத்துக்கொள்கின்றன. கணக்கு வைப்பதும் சட்டப்படியான கண்காணிப்பும் காரணங்கள். கீழே வரும் தொல்லையும் ஒரு காரணம்.

மலரின் அழைப்புக்கு வருவோம். அவருடைய பேசி தன் குரல் முகவரி 192.168.1.20 என்று எழுதியது. அது கோவைக் கிளையின் ரவுட்டருக்குப் பின்னால் மட்டும் செல்லுபடியாகும் உள்முகவரி. நாட்டில் எத்தனையோ வீடுகளில் இதே முகவரி ஏதாவது ஒரு கருவிக்கு இருக்கும். வெளியே போகும் பொட்டலத்தின் மேலுறையில் இருக்கும் முகவரியை ரவுட்டர் தன் பொது முகவரியாக மாற்றிவிடும், ஆனால் சீட்டுக்குள் எழுதியிருப்பதைத் தொடாது. எனவே INVITE-க்கான பதில்கள், அது வந்த கதவுக்கே திரும்பிப் போய், சிக்கலில்லாமல் மலரை அடைகின்றன. மணி அடிக்கிறது, அழைப்பு இணைகிறது. மலரின் குரலும் சென்னையின் பொது முகவரிக்குச் சரியாகப் போய்ச் சேர்கிறது. சென்னை எக்ஸ்சேஞ்சோ, சீட்டில் உள்ளபடி 192.168.1.20-க்குக் குரலை அனுப்புகிறது. இணையத்தில் அப்படி ஒரு விலாசமே இல்லை. மலர் பேசுவது சென்னையில் கேட்கிறது, சென்னை பேசுவது மலருக்குக் கேட்கவில்லை.

இணையத் தொலைபேசியில் மிகவும் புகழ்பெற்ற கோளாறு இது. குரல் எந்தத் திசையில் கேட்கவில்லையோ அந்தத் திசையில் கேட்க வேண்டியவரின் சீட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். எக்ஸ்சேஞ்ச் இருக்கும் லினக்ஸ் கணினியில் `sngrep` என்ற கருவியை இயக்கினால் ஒவ்வோர் அழைப்பின் செய்திகளும் ஏணிப்படி போல விரியும். INVITE-க்குள் இருக்கும் `c=` வரியைப் பார்க்க வேண்டும். அங்கே 192.168, 10 என்று தொடங்கும் முகவரி இருந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. ஆஸ்டிரிஸ்க் என்ற பரவலான எக்ஸ்சேஞ்ச் மென்பொருளில் அந்தப் பேசிக்கான அமைப்பில் `rtp_symmetric=yes` என்று எழுதினால், அது சீட்டை நம்பாமல், குரல் உண்மையில் எந்த முகவரியிலிருந்து வருகிறதோ அங்கேயே திருப்பி அனுப்பும்.

இரண்டாவது கோளாறு இதைவிட வியப்பானது. இரு பக்கமும் நன்றாகக் கேட்கிறது. பேச்சு சுவாரசியமாகப் போய்க்கொண்டிருக்கும்போது, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 32-ஆவது நொடியில் அழைப்பு துண்டிக்கப்படுகிறது. 32 என்ற எண் தற்செயலானதல்ல, அது ஆர்எஃப்சி 3261-இன் விதி.

அந்தக் கற்பனை நிறுவனம் சென்னை எக்ஸ்சேஞ்சை ஒரு புதிய ரவுட்டருக்குப் பின்னால் மாற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்சேஞ்சின் உள்முகவரி இப்போது 10.0.0.5. குரலுக்கான பொது முகவரியைச் சொல்லும் `external_media_address` என்ற வரியை அமைத்தவர் சரியாக எழுதிவிட்டார். சமிக்ஞைக்கான `external_signaling_address` என்ற வரியை மறந்துவிட்டார். மலர் அழைக்கிறார். 200 OK வருகிறது. அதன் எஸ்டிபி சீட்டில் பொது முகவரி இருப்பதால் குரல் இரு பக்கமும் ஓடுகிறது. ஆனால் அதன் Contact வரியில் 10.0.0.5 என்று இருக்கிறது. விதிப்படி மலரின் பேசி ACK-ஐ Contact-இல் உள்ள முகவரிக்கு அனுப்புகிறது. அது எங்கும் போய்ச் சேர்வதில்லை.

எக்ஸ்சேஞ்ச் அரை நொடி காத்திருந்துவிட்டு 200 OK-ஐ மறுபடி அனுப்புகிறது. பிறகு ஒரு நொடி, இரண்டு நொடி, நான்கு நொடி, அதன் பின் நான்கு நொடிக்கு ஒரு முறை. மலரின் பேசி ஒவ்வொரு முறையும் கடமை தவறாமல் ACK அனுப்புகிறது, ஒவ்வொன்றும் தொலைகிறது. அரை நொடியின் 64 மடங்கு, அதாவது 32 நொடி கழிந்ததும் எக்ஸ்சேஞ்ச் ஒரு முடிவுக்கு வருகிறது: ஒப்பந்தத்தை மறுமுனை உறுதி செய்யவேயில்லை. BYE அனுப்பி அழைப்பை முடித்துவிடுகிறது. அந்த நேரம் முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குரல் பொட்டலங்கள் இரு பக்கமும் சரியாகப் போய் வந்திருக்கின்றன. சமிக்ஞைப் பகுதி அவற்றைக் கணக்கில் கொள்வதில்லை. குரல் கேட்கிறது என்பது அதன் பார்வையில் சாட்சியமே அல்ல.

`sngrep` திரையில் இது அச்சாகத் தெரியும்: ஒரே 200 OK வரிசையாகக் கீழே இறங்கிக்கொண்டே போகும், எதற்கும் ACK இருக்காது, அடியில் ஒரு BYE. பிராட்பேண்ட் வேகத்தைக் கூட்டச் சொல்லிப் பணம் செலவழிப்பவர்களும் உண்டு. இந்தக் கோளாறுக்கும் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை, மறந்த அந்த ஒரு வரியை எழுதினால் போதும். முகவரியைத் திருத்தி உதவுவதாகச் சொல்லும் 'எஸ்ஐபி ஏஎல்ஜி' என்ற வசதி வீட்டு ரவுட்டர்களில் இருக்கும். அது செய்திகளின் உள்ளே கைவைத்து, சில வரிகளை மாற்றிச் சிலவற்றை விட்டுவிட்டு, இதே கோளாறுகளை வரவழைப்பதும் உண்டு. இணையத் தொலைபேசி அமைப்பவர்கள் அதை முதல் வேலையாக அணைத்துவிடுகிறார்கள்.

நள்ளிரவில் பேசி அடித்து, 100 அல்லது 1000 என்ற எண் திரையில் தெரிந்து, எடுத்தால் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காத அழைப்புகளும் இந்தப் பிரிவினையின் விளைவுதான். இணையம் முழுவதும் 5060-ஆம் கதவைத் தட்டிப் பார்த்தபடி சில நிரல்கள் அலைகின்றன. காவலில்லாத எக்ஸ்சேஞ்ச் கிடைத்தால் அதன் வழியாக வெளிநாட்டுக் கட்டண எண்களுக்கு அழைத்துப் பணம் பண்ணுவது அவற்றின் நோக்கம். அந்த நிரல் ஒரு மேசைப் பேசிக்கு நேராக INVITE அனுப்பினால் பேசி நேர்மையாக மணியடிக்கும். அனுப்பியவரிடம் குரல் என்று ஒன்றும் இல்லை, ஒரே ஒரு சமிக்ஞைச் செய்தி மட்டுமே இருந்தது. பதிவு செய்த எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் INVITE-ஐ மட்டும் ஏற்கும்படி பேசியில் ஓர் அமைப்பு இருக்கும். அதை இயக்கினால் இரவுகள் அமைதியாகிவிடும்.

ஒட்டுக்கேட்பைத் தடுக்கும்போதும் இரண்டு பாதைகளுக்கும் இரண்டு பூட்டுகள் வேண்டும். சமிக்ஞையை டிஎல்எஸ் என்ற உறைக்குள் 5061-ஆம் கதவு வழியாக அனுப்பலாம். குரலைப் பூட்ட எஸ்ஆர்டிபி என்ற முறை 2004-இல் வந்தது. முதல் பூட்டை மட்டும் போட்டால் யார் யாரோடு பேசினார் என்பது மறையும், பேசியது திறந்தே போகும். இரண்டாவதை மட்டும் போடுவதில் இன்னும் பெரிய ஆபத்து. பல அலுவலக எக்ஸ்சேஞ்சுகளில் குரல் பூட்டின் சாவி `a=crypto` என்ற வரியாக எஸ்டிபி சீட்டுக்குள்ளேயே போகிறது. சீட்டு வெறும் எழுத்தாகப் போனால், அதைப் பிடித்தவர் சாவியையும் சேர்த்துப் பிடித்துவிடுகிறார்.

உலாவிக்குள் நடக்கும் அழைப்புகளுக்கான வெப்ஆர்டிசி தரத்தை எழுதியவர்கள் இங்கே வேறு வழியில் போனார்கள். அதில் சாவியைக் குரல் பாதையிலேயே இரு முனைகளும் நேரடியாகப் பேசி உருவாக்கிக்கொள்கின்றன. சமிக்ஞை வழியாகப் போவது `a=fingerprint` என்ற அடையாளச் சுருக்கம் மட்டும். அதை வைத்துக்கொண்டு குரலைத் திறக்க முடியாது. குரலுக்கு இவ்வளவு கறாராக விதி வகுத்தவர்கள், சமிக்ஞை எப்படி நடக்க வேண்டும் என்று ஒரு விதியும் எழுதவில்லை, வேண்டுமென்றே அதை ஒவ்வொரு செயலியின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். சிலர் அங்கும் எஸ்ஐபியையே பயன்படுத்துகிறார்கள், பலர் தங்களுக்கென்று ஒன்றை எழுதிக்கொள்கிறார்கள். எந்த வழியில் போனாலும் உள்ளே இருக்கும் சீட்டு பெரும்பாலும் அதே எஸ்டிபி சீட்டுதான். `c=`, `m=` என்று தொடங்கும் அந்த வரிகளை இன்றைய உலாவியிலும் படிக்கலாம்.